அந்த ஏழாவது கேள்வி

எங்கள் கம்பெனியில் பம்ப் உதிரி பாகங்கள் செய்கிறோம். கோவைப் பக்கம், இருநூறு பேருக்குள். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே போகிறவர்களுக்காக, போன அக்டோபர் முதல் குரூப் இன்சூரன்ஸ் எடுத்தார்கள். ஆளுக்கு 3 லட்சம், கணவன் அல்லது மனைவி, இரண்டு குழந்தைகள். "இதை எல்லாருக்கும் புரியற மாதிரி கேள்வி பதிலா ஒரு தாள்ல போட்டுக் கொடும்மா" என்று மேனேஜர் என்னிடம் விட்டார். ஹெச்.ஆரில் நான் ஒருத்திதான்.

புரோக்கர் ஆங்கிலத்தில் ஒரு தாள் அனுப்பினார். அதை அப்படியே தமிழாக்கி, முதலில் கேன்டீன் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். நாலாவது வரியில் "இணைக் கட்டணம்னா என்னங்க மேடம், கல்யாண மண்டபத்துல கட்டுறதா?" என்றார். அத்தனையையும் கிழித்துப் போட்டேன். ஆட்கள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட கேள்விகளை மட்டும் வைத்துப் புதிதாக எழுதினேன். இந்தப் பகுதி இரண்டே நாளில் முடிந்தது.

முதல் சிக்கல் அப்பா அம்மா. இ.எஸ்.ஐ.யில் நம்மை நம்பி இருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம் உண்டு. எங்கள் புது பாலிசியில் கிடையாது. இதை நேராக எழுதினால் ஆட்கள் கோபப்படுவார்கள், 'குடும்பத்தினருக்கு' என்று பொதுவாகப் போடுங்கள் என்று புரோக்கர் அலுவலகத்தில் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. "அப்பா அம்மாவுக்கு உண்டா? இல்லை." அவ்வளவுதான் எழுதினேன். கோபப்பட்டார்கள்தான். ஆனால் நாலு பேர் அந்த வாரமே பெற்றோருக்குத் தனியாக பாலிசி விசாரித்தார்கள்.

இரண்டாவது தப்பு முழுக்க என்னுடையது. "அக்டோபர் 1 முதல் இ.எஸ்.ஐ. கிடையாது" என்று எழுதிவிட்டேன். அன்று முதல் நிற்பது சம்பளத்தில் பிடிக்கும் பணம்தான், வைத்தியம் அல்ல. மே மாதம் சம்பளம் கூடி வரம்பைத் தாண்டியவருக்கு செப்டம்பர் 30 வரை பிடிப்போம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் காலம் அடுத்த வருடம் ஜனவரியில் தொடங்கி ஜூன் 30 வரை ஓடும். இடையில் உள்ள அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்கு அதற்கு முந்தைய அரை வருடம் கட்டியது தாங்கும். அதாவது, அப்பா அம்மாவை இன்னும் ஒன்பது மாதம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். மெஷின் ஷாப்பில் ஒருவர் கார்டை எங்கே போட்டார் என்றே தெரியாமல் தேடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. தாளைத் திரும்ப வாங்கி மாற்றி அச்சடித்தேன்.

இதெல்லாம் கூடச் சமாளித்துவிட்டேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஏழாவது கேள்விதான்.

"எந்த ரூம் எடுக்கலாம்? ஒரு நாளைக்கு ரூ.3,000 வரை." இதுதான் நான் எழுதியது. ரூம் வரம்பு 3 லட்சத்தில் ஒரு சதவீதம், கணக்கு சரி. ஆனால் இதை எழுதும்போது என் கையில் இருந்தது கொட்டேஷன் தாள் மட்டும்தான். பாலிசி வந்திருக்கவில்லை. வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்க அரை நாள் லீவு போட்டு இன்சூரன்ஸ் கிளைக்கே போனேன். கவுன்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே "பாலிசி இன்னும் பிரின்ட் ஆகலை, புரோக்கரைக் கேளுங்க" என்றார். புரோக்கரோ "வித்தியாசத்தை அவங்க கட்டணும், அவ்வளவுதான்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ஜனவரியில் எங்கள் ஃபோர்மேனுக்கு ஹெர்னியா ஆபரேஷன். தாளைப் படித்துவிட்டு, ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் ரூம் எடுத்தார். நாலு நாள். கூடுதல் இரண்டாயிரம் வீதம் 8,000 கையில் இருந்து போகும், போகட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். டிஸ்சார்ஜ் அன்று அவரிடம் கேட்டது 46,500. போனில் அவர் சத்தம் போடவில்லை. "ஏனுங்க மேடம், உங்க தாள்ல இப்படி இல்லைங்களே" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மொத்த பில் 1,12,500. அதற்குள் ரூம் 20,000. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் சேர்த்து 60,000. மருந்தும் டெஸ்டும் 30,000. கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற, எங்கள் பாலிசி தராத சில்லறைகள் 2,500. ரூமுக்கு 12,000தான் வரும், அது தெரிந்ததுதான். தெரியாதது இது: 5,000க்கு 3,000 என்றால் அறுபது சதவீதம். அதே அறுபது சதவீதம்தான் டாக்டர் ஃபீஸுக்கும் தியேட்டருக்கும். பெரிய ரூம் எடுத்தால் அதே டாக்டருக்கும் கூடுதலாக பில் போடுகிற ஆஸ்பத்திரி என்பதால் இந்த வெட்டு. ஆகவே 60,000க்கு 36,000தான், மீதி 24,000 அவர் தலையில். கிளெய்ம் பார்க்கும் டிபிஏ காரர்கள் அதோடு நிற்காமல் மருந்துக்கும் டெஸ்டுக்கும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். 30,000க்கு 18,000.

அந்த இடத்தில்தான் பிடித்தேன். அதற்குள் பாலிசி வந்திருந்தது. இரவு உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். மருந்து, உடலுக்குள் வைக்கும் கருவிகள், டெஸ்ட் ஆகியவற்றுக்கு இந்த விகித வெட்டு கூடாது என்று அதிலேயே இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020இல் கொண்டுவந்த விதி. ஐ.சி.யூ. கட்டணத்துக்கும் கூடாது. ரூமுக்கு ஏற்றபடி ஃபீஸை மாற்றாத ஆஸ்பத்திரியாக இருந்தால் வெட்டே கூடாது. பக்க எண்ணைக் குறிப்பிட்டு மெயில் போட்டேன். பதில் இல்லை. குறைதீர்ப்பு அதிகாரிக்கு நகல் வைத்து மறுபடி போட்டேன். பதினோராவது நாள் 12,000 அவர் கணக்குக்கு வந்தது.

மீதி 34,500 போனது போனதுதான். எட்டாயிரம் என்று நினைத்துப் போன மனிதர்.

இப்போது ஏழாவது கேள்வி அரைப் பக்கம். அந்த பில்லையே, பெயரை எடுத்துவிட்டு, வரிவரியாகப் போட்டிருக்கிறேன். அட்மிஷன் கவுன்டரில் சொல்ல வேண்டியதையும் சொல்லுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன்: "எங்களுக்கு 3,000 ரூபாய் வரம்பு. நர்சிங் சேர்த்து அதற்குள் வரும் ரூம் எது?" அந்த 'நர்சிங் சேர்த்து' முக்கியம். கொட்டேஷனில் ரூம் வாடகை என்று மட்டும் இருந்தது, பாலிசியில் 'நர்சிங் கட்டணம் உட்பட' என்று ஒட்டியிருந்தார்கள். 2,800 ரூபாய் ரூம் என்று சேர்ந்து, நர்சிங் 600 தனியாகப் போட்டால் வரம்பு தாண்டிவிடும், மொத்த வெட்டும் விழும்.

இந்த மாதிரித் தாள் எழுதப் போகிறவர்கள் பாலிசி கைக்கு வரும்வரை தலைப்பில் 'தற்காலிகம்' என்று போடுங்கள். மேனேஜர் முகம் சுளிப்பார். நான் அதைப் போடாமல்தான் மாட்டினேன்.

புதுத் தாளை கேன்டீன் சுவரில் ஒட்டும்போது ஃபோர்மேன் வந்து நின்று முழுதும் படித்தார். "இந்த பில்லு என்னுதுங்களே" என்றார். ஆமாண்ணா, பெயர் போடவில்லை, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டுங்க, அந்த 24,000ங்கிற எடத்துல மட்டும் கோடு போட்டு விடுங்க" என்று பேனாவை நீட்டினார்.