அப்பாவின் நம்பருக்கு மட்டும் வராத ஓடிபி

மஞ்சள் வயலுக்கு சொட்டுநீர்க் குழாய் வாங்கவேண்டியிருந்தது. பழைய லேட்டரல் பைப்புகள் எல்லாம் வெயிலில் விண்டுபோய், பாத்தி நெடுக ஒழுகிக்கொண்டிருந்தன. கோபியில் விசாரித்ததைவிட ஒரு இணையதளத்தில் விலை குறைவாக இருந்ததால், அப்பாவின் பெயரிலேயே கணக்கு தொடங்கினேன். நம்பரைக் கொடுத்தால் ஓடிபி வரவேண்டும். வரவில்லை. மூன்று தடவை மறுபடியும் அனுப்பச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் 'அனுப்பிவிட்டோம்' என்றே திரையில் வந்தது.

சிக்னல் நன்றாக இருந்தது. போனை அணைத்துப் போட்டேன். மெசேஜ் ஆப்பில் ஸ்பாம் பகுதியையும் திறந்து பார்த்தேன், காலியாக இருந்தது. அப்பா பக்கத்தில் நின்று, "ஏங்கண்ணு, பேங்க்ல இருந்து வருது, ஆதாருக்கும் வருது. இது மட்டும் ஏன் வர மாட்டேங்குது?" என்று கேட்டார். சரியான கேள்வி அதுதான். ஆனால் நான் அம்மாவின் நம்பரைப் போட்டுப் பார்த்தேன், அதற்கும் வரவில்லை. அப்போது இரவு ஒன்பதரை மணி. தளத்தில்தான் கோளாறு என்று முடிவுகட்டிப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அம்மாவின் நம்பருக்கு உடனே வந்தது. அப்பாவுக்கு அப்போதும் இல்லை. அம்மாவின் போனில் அனுப்புநர் பெயரைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அது `-P` என்று முடிந்தது. 2025-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, வணிக மெசேஜ்களின் அனுப்புநர் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்து வருகிறது. P என்றால் விளம்பரம், S என்றால் சேவை, T என்றால் பரிவர்த்தனை, G என்றால் அரசு. ஓடிபி என்பது சேவையாகவோ பரிவர்த்தனையாகவோ வரவேண்டியது. இந்த நிறுவனம் அதை விளம்பர வழியில் அனுப்பிக்கொண்டிருந்தது.

விளம்பர மெசேஜுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பது வரைதான் அனுப்பலாம், அதனால்தான் முந்தைய நாள் இரவு அம்மாவுக்கும் வரவில்லை. இன்னொன்று, விளம்பரத் தொந்தரவு வேண்டாம் என்று டிஎன்டியில் பதிவு செய்த நம்பருக்கு, அடைத்த வகை மெசேஜ் போகாது. அப்பாவிடம் கேட்டேன். பல வருஷம் முன்பு லோன் வேணுமா, பிளாட் வேணுமா என்று ஓயாமல் போன் வந்த காலத்தில், என் மாமா `START 0` என்று 1909-க்கு அனுப்பி எல்லா வகையையும் அடைத்துக் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கு அது மறந்தே போயிருந்தது.

இதில் எனக்குக் கோபம் வந்தது, தடுக்கப்பட்டது நமக்குத் தெரிவதே இல்லை என்பதில்தான். போனுக்கு எதுவும் வருவதில்லை, எந்த அறிவிப்பும் கிடையாது. மெசேஜ் போன் வரைக்கும் வராமல் வழியிலேயே நிறுத்தப்படுவதால், போனில் எவ்வளவு தேடினாலும் தடயம் கிடைக்காது. அனுப்பியவரின் டெலிவரி அறிக்கையில்தான் காரணம் பதிவாகும். அதை அவர்கள் திறந்து பார்த்தால்தான் உண்டு.

சிம் நிறுவனத்தின் ஆப்பில் டிஎன்டி பகுதிக்குப் போனால், அப்பாவின் நம்பரில் எல்லா வகையும் அடைபட்டிருந்தது. முழுவதையும் எடுத்துவிட எனக்கு மனசில்லை. மறுபடியும் லோன்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தால் அப்பா போனையே எடுக்கமாட்டார். தளத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்குக் கூப்பிட்டு, அவர்கள் மெசேஜ் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டேன். போனை எடுத்த பெண் பொறுமையாக விசாரித்துவிட்டு, "ஐந்தாவதுங்க, நுகர்பொருள், வாகனம் வருமே, அது" என்றார். அதை மட்டும் திறந்துவிட்டேன். அன்று வரவில்லை, மறுநாள் மத்தியானம் அப்பாவின் போனில் ஓடிபி வந்தது. குழாய் ஆர்டரும் போட்டாயிற்று.

அதோடு விடவில்லை. அப்பா மாதிரி முழுசாக அடைத்து வைத்திருக்கும் விவசாயிகள் எத்தனையோ பேர் 'தளம் வேலை செய்யவில்லை' என்று போயிருப்பார்கள். அதனால் அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் போன் செய்து, மெசேஜ் வராத நேரத்தையும் குறிப்பிட்டுச் சொன்னேன்: "டிஎல்டியில், அதான் மெசேஜ் மாதிரிகளைப் பதிவு பண்ற தளத்தில், உங்க ஓடிபி டெம்ப்ளேட் விளம்பரத்தில் இருக்குதுங்க, சேவைக்கு மாத்தச் சொல்லுங்க. டெலிவரி அறிக்கையில் இந்த நம்பரைத் தேடினால் காரணம் தெரியும்." அம்மாவின் போனில் `-P` என்று தெரிந்த ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பினேன். வேறு பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, வால்வு வாங்குவதற்காக மறுபடியும் உள்ளே போனேன். அதற்குள் ஐந்தாம் வகையை அப்பா திரும்ப அடைத்துவிட்டிருந்தார். இரவு ஒன்பதே முக்கால் மணி. ஓடிபி உடனே வந்தது, அனுப்புநர் பெயர் `-S` என்று முடிந்திருந்தது.