வெள்ளையனும் எங்கள் இரண்டாவது மாடியும்

மாமனார் மூட்டு ஆபரேஷனுக்காக ராஜபாளையத்துத் தோப்பை விட்டுக் கிளம்பியபோது, வெள்ளையனை யாரிடம் விடுவது என்ற பேச்சு வந்தது. என் மனைவி கொஞ்சமும் யோசிக்காமல் "நாங்க பார்த்துக்கிறோம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். ஒன்றரை வயது ராஜபாளையம் நாய், 28 கிலோ. எங்கள் வீடோ மதுரை கே.கே. நகர் பக்கம், இரண்டாவது மாடியில் 720 சதுர அடி. பால்கனியில் துணி காயப் போட்டால் ஆள் நிற்க இடமிருக்காது.

முதல் வாரத்திலேயே படுக்கையறை நிலைக்கதவின் ஒரு ஓரம் போனது. சாயங்காலம் ஏழு மணி ஆனால் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே ஓட்டப்பந்தயம். டைல்ஸ் தரையில் திரும்பும்போது பின்னங்கால் வழுக்கி, டமாரென்று ஃபிரிட்ஜில் போய் மோதுவான். கீழ்வீட்டு அக்கா இரண்டு தடவை மேலே வந்துவிட்டார். கோபமாக இல்லை, "என்னப்பா, வீட்டை இடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

தோப்பில் ஓடித் திரிந்த நாய், ஓடவிட்டால் அடங்கிவிடும் என்று நினைத்தேன். தினமும் விடியற்காலையில் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்ட, அவன் பக்கத்தில் ஓடி வந்தான். நாலு கிலோமீட்டர். முதல் மூன்று நாள் வீட்டுக்கு வந்ததும் விழுந்து தூங்கினான். பத்தாவது நாள் அதே நாலு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து, செருப்பைக் கவ்விக்கொண்டு என்னை விளையாடக் கூப்பிட்டான். உள்ளங்கால் தோல் மட்டும் உரிந்திருந்தது.

காலைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீங்க நாயைக் களைப்பாக்கலை சார், ரேக்ளாவுக்குத் தயார் பண்றீங்க" என்றார். தினமும் ஓடினால் தெம்பு கூடிக்கொண்டேதான் போகும். கண்ணால் பார்த்து விரட்டுகிற வேட்டை நாய்க்கு வேகம் வெறியைக் கிளப்புமே தவிர அடக்காது. மூக்குக்கு வேலை கொடுங்கள், பிறகு சும்மா படுத்திருக்கக் கற்றுக் கொடுங்கள் என்றார்.

ஸ்கூட்டரை நிறுத்தினேன். ஐந்து மீட்டர் பருத்திக் கயிறும், மார்போடு சேர்த்துப் போடும் பட்டையும் வாங்கினேன். கழுத்துப் பட்டையில் நீளக் கயிறு கட்டவே கூடாது. ஓடிப் போய்க் கயிறு முடியும் இடத்தில் வெடுக்கென்று நின்றால் கழுத்துக்கு அடி. காலை ஐந்து மணிக்கு வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் காலி மனைகளில் அவன் இழுத்த இழுப்புக்கு, ஆனால் நடை வேகத்தில், 45 நிமிடம். ஒரு வேப்பமரத்தடியை மூன்று நிமிடம் மோந்தால் நானும் மூன்று நிமிடம் நின்றேன். முதலில் பொறுமையே இல்லை. ஒரு நாள் புதரிலிருந்து பூனை பாய, கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்ததால் விரல் தோல் உரிந்து இரண்டு நாள் சோற்றில் கை வைக்க முடியவில்லை. அன்றிலிருந்து கயிற்றைச் சுற்றுவதில்லை, மடித்துப் பிடிக்கிறேன்; பூனை, ஆடு நடமாட்டமுள்ள இடத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் விடுவதும் இல்லை. சித்திரை, வைகாசியில் சாயங்கால நடை இருட்டிய பிறகுதான். அப்போதும் புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பார்ப்பேன். எனக்குத் தாங்கவில்லை என்றால் அவனுக்கும் தாங்காது.

அடுத்து சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டேன். காலைத் தீனியை ஒரு பழைய கோணிச்சாக்கின் மடிப்புகளுக்குள் தூவுவேன். முதல் நாள் எல்லாம் கண்ணில் படும்படி. பழகப் பழக மடிப்பை ஆழமாக்கினேன். தட்டில் போட்டால் ஒரே நிமிடத்தில் தீரும் தீனி, சாக்கில் இருபது நிமிடம் இழுத்தது. தலையை உள்ளே விட்டு அவன் புஸ்புஸ்ஸென்று மூச்சிழுக்கும் சத்தம் அடுப்படி வரை கேட்கும். முடித்ததும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுத் தானாகப் போய்ப் படுத்தான். எனக்கு ஆச்சரியம் அதுதான்.

ஆர்வக்கோளாறில் கொட்டாங்கச்சியில் தயிர்சோறு அப்பிக் கொடுத்தேன். இரண்டாவது நாளே கடித்து உடைத்து, சில்லு ஈறைக் கிழித்துவிட்டது. இப்போது உள்ளே குழிவான கெட்டி ரப்பர் பொம்மைதான். கேழ்வரகுக் கூழும் தயிரும் அடைத்து ராத்திரியே ஃப்ரீசரில் வைத்தால், மத்தியானம் அரைமணி நேரம் நக்கிக்கொண்டிருப்பான். இதெல்லாம் அன்றைய அளவுச் சாப்பாட்டிலிருந்தே போக வேண்டும். கூடுதலாகக் கொடுத்து ஒரே மாதத்தில் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாமல் போனது.

படுக்கப் பழக்கியதுதான் நிறைய நாள் பிடித்தது. ஹால் மூலையில் இன்னொரு சாக்கை விரித்து நான் பக்கத்தில் உட்காருவேன். அவன் படுத்தால், எதுவும் பேசாமல் ஒரு தீனியை முன்னங்கால்களுக்கு நடுவே வைப்பேன். மூன்று விநாடி கழித்து இன்னொன்று. எழுந்தால் திட்டுவதில்லை, தீனி நின்றுவிடும், அவ்வளவுதான். ஐந்து விநாடி, பத்து, அரை நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டினேன். "குட் பாய்" என்று கொஞ்சினால் உடனே துள்ளி எழுந்துவிடுவான். அதனால் வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குத்தான் பயிற்சி. மூன்றாவது வாரம் ஒரு இடுப்பைச் சாய்த்துப் படுத்தான். இரண்டு பின்னங்காலையும் மடக்கி ஸ்பிரிங் மாதிரி படுப்பது பாய்வதற்குக் காத்திருப்பது. இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் உண்மையிலேயே தளர்ந்துவிட்டான் என்று அர்த்தம்.

பால்கனி விஷயத்தில் நான் முழுக்கத் தப்பு. பாவம், வேடிக்கை பார்க்கட்டும் என்று பகல் முழுக்கத் திறந்து வைத்திருந்தேன். ஒவ்வொரு பூனைக்கும், ஒவ்வொரு டெலிவரி பைக்குக்கும் குரைத்து, பிடிக்கவும் முடியாமல், அந்தச் சூட்டைத்தான் ஏழு மணி ஆட்டமாக இறக்கிக்கொண்டிருந்தான். கம்பிக்குக் கீழ்ப்பாதியில் நர்சரிக்காரர்கள் கட்டும் பச்சை வலையைக் கட்டினேன். காற்று வரும், தெரு தெரியாது. ஒரே வாரத்தில் பகல் தூக்கம் கூடியது, குரைப்பு பாதிக்குப் பாதி குறைந்தது. வழுக்கும் இடங்களில் ரப்பர் மேட் போட்டதும் ஃபிரிட்ஜுக்கு விடிவு.

நாங்கள் வேலைக்குப் போனபின் என்ன செய்கிறான் என்று பழைய போனை அலமாரியில் வைத்து வீடியோ எடுத்தோம். கூழ் பொம்மையை முடித்துவிட்டு, லிஃப்ட் சத்தத்துக்கு ஒரு தடவை தலை தூக்கியதோடு சரி. பொம்மையைத் தொடாமல், ஆள் போன சில நிமிடத்திலேயே ஊளையிட்டு, எச்சில் வழியக் கதவைப் பிறாண்டியிருந்தால் கதை வேறு. அது தெம்பு மிஞ்சிப் போய்ச் செய்வதல்ல, தனிமைப் பயம். சாக்கும் கூழும் அதற்கு மருந்தாகாது; டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். அவனை இரண்டு பேரும் சேர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடுவதில்லை. மத்தியானம் யாராவது ஒருவர் வந்துவிடுவோம்.

போன மாதம் மாமா கம்பு ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். வெள்ளையன் அவரைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடிவிட்டுச் சாக்கில் போய்ச் சாய்ந்தான். அரைமணி நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்த மாமா மெதுவாக என்னிடம், "மாப்ள, நாய்க்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? இப்படிப் படுத்தே கிடக்கு?" என்றார். பதில் சொல்வதற்குள் மனைவி அடுப்படியில் தீனி டப்பாவைத் திறந்தாள்.