ஓஎம்ஆரில் முதல் வேலை: மாதம் எவ்வளவு ஆகும்?

சென்னையில் முதல் வேலை, ஆண்டுச் சம்பளம் 3.6 லட்சம் என்று ஆஃபர் லெட்டர் வந்தால் வீட்டில் எல்லோரும் மாதம் 30,000 என்று கணக்குப் போடுவார்கள். கைக்கு வருவது அதுவல்ல. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் பிஎஃப் 1,800 ரூபாயும், கிராஜுவிட்டி சுமார் 720 ரூபாயும் பெரும்பாலும் அந்த 30,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,800. மாநகராட்சித் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250. எல்லாம் போக கணக்கில் விழுவது ஏறக்குறைய 25,400 ரூபாய். வாடகை பேசுவதற்கு முன் எச்ஆரிடம் ‘டேக் ஹோம் எவ்வளவு’ என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் மூன்று பேர் தங்கும் ஏசி பிஜி அறை, சாப்பாட்டோடு 9,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். இடத்தைப் பொறுத்து ஆயிரம் ரூபாய் கூடும், குறையும். இதில் கரண்ட் பில் பெரும்பாலும் சேராது. அறைக்குத் தனி சப்மீட்டர் இருக்கும், யூனிட்டுக்கு 10 ரூபாய் என்பார்கள். இரவு எட்டு மணி நேரம் ஏசி ஓடினால் 7 யூனிட் போகும் என்று வையுங்கள். மாதம் 2,100 ரூபாய், மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 700. அறையில் ஒருவர் காலி செய்துவிட்டுப் போய், அந்தக் கட்டில் நிரம்பாமல் கிடந்தால் அதே பில் இருவர் தலையில் விழுந்து 1,050 ஆகிவிடும். அதனால் சேரும் அன்றே சப்மீட்டர் ரீடிங்கைப் போனில் படம் எடுத்து வையுங்கள். முந்தைய ஆள் ஓட்டிய யூனிட் உங்கள் பில்லில் ஏறுவது அடிக்கடி நடக்கிற விஷயம்.

பிஜியில் காலையும் இரவும் சாப்பாடு உண்டு. வேலை நாள் மதியச் சாப்பாடு வெளியில்தான்: நாளுக்கு 100 ரூபாய், 22 நாளைக்கு 2,200. பட்ஜெட் உடைவது இரவில். மூன்றாவது வாரம் அதே குருமாவைப் பார்த்ததும் கை போனுக்குப் போகும். வாரம் இரண்டு ஆர்டர், ஒன்று 220 என்றாலே மாதம் 1,800-ஐ நெருங்கிவிடும். இதை வீண்செலவு என்று மறைக்காமல் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுவது நல்லது.

வாடகை குறைவு என்று தள்ளிப் போய் அறை எடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. எம்டிசி மாதப் பாஸ் 1,000 ரூபாய், ஏசி பஸ்ஸுக்குச் செல்லாது. பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அறை இருந்தால் அந்தப் பாஸோடு, ஷேர் ஆட்டோவுக்கு ஒரு 600 போதும். உள்ளே தள்ளியிருந்து, தினமும் போக 60, வர 60 என்று பைக் டாக்ஸி பிடித்தால் 22 நாளில் 2,640 ரூபாய். பாஸ், ஷேர் ஆட்டோவுக்கு ஆகும் 1,600-ஐவிட இது 1,040 கூடுதல். வாடகையில் 1,500 மிச்சம் பிடித்தாலும் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

போன் ரீசார்ஜ் 350, சோப்பு முதல் துணி துவைப்பது வரை 800, ஊருக்கு ஒரு தடவை போய்வர 1,000. ரயில் டிக்கெட் 60 நாள் முன்பே திறக்கும். தீபாவளி, பொங்கலுக்கு அன்றே எடுக்காவிட்டால் ஆம்னி பஸ்ஸுக்கு இதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டிவரும். எல்லாம் கூட்டினால் மாதம் 17,450 ரூபாய். மீதி ஏறக்குறைய 8,000. உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவச் செலவும், புதுத் துணியும் இதில்தான்.

இதைவிடக் கடினம் முதல் மாதம். வாடகை 9,000, அட்வான்ஸ் 9,000, பக்கெட், பூட்டு, தலையணை, போர்வைக்கு 1,500, மற்றச் செலவு 8,450. சுமார் 28,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும். 20-ஆம் தேதி வாக்கில் வேலையில் சேர்ந்தால் பல நிறுவனங்களில் அந்த மாதச் சம்பளம் அடுத்த மாதச் சம்பளத்தோடுதான் வரும். அதற்குள் இரண்டாவது வாடகை வந்து நிற்கும், அதனால் 37,000 கொண்டுவருவதே பாதுகாப்பு.

அட்வான்ஸ் கொடுக்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: காலி செய்யும்போது ‘மெயின்டனன்ஸ்’ என்று எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும். பல இடங்களில் 30 நாள் என்பார்கள், சில இடங்களில் அதை 1-ஆம் தேதிக்குள் சொன்னால்தான் செல்லும். 5-ஆம் தேதி சொன்னால் இன்னொரு மாத வாடகை போய்விடும். பதிலை ரசீதிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு பணத்தை அனுப்புங்கள்.