பாதியில் வெட்டக் கூடாத வசனங்கள்

பள்ளியின் காலைக் கூட்டத்தில் வெவ்வேறு சமயத்து மாணவர்கள் மன்னிப்பைப் பற்றித் தத்தம் நூல்களிலிருந்து வாசிப்பதற்கு எட்டு நிமிடம் ஒதுக்கி, வசனங்களைத் திரட்டும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். முதல் நாளே இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அவற்றில் பல, இறைவன் மனிதனை மன்னிப்பதைப் பற்றியவை; மனிதர் ஒருவரையொருவர் மன்னிப்பதைச் சொல்பவை மட்டும் போதும் என்று முடிவு செய்தபின் கையில் ஏழே எஞ்சின.

அந்த ஏழில் ஒன்று, கோபத்தை வைத்துக்கொண்டிருப்பது தான் நஞ்சருந்திவிட்டுப் பிறர் சாகக் காத்திருப்பதைப் போன்றது என்று புத்தர் பெயரில் உலவும் வாசகம். அது பாளி நூல்களில் இல்லாததால் அதை நீக்கி, தம்மபதத்தின் ஐந்தாம் பாடலைச் சேர்த்தேன். பகையால் பகை தணிவதில்லை என்னும் அந்தப் பாடலை, "என்னை ஏசினான், என்னை அடித்தான்" என்று மனம் புழுங்குவதையும் அதை விட்டுவிடுவதையும் காட்டும் மூன்றாம், நான்காம் பாடல்களோடு சேர்த்து வாசித்தால்தான் சிறுவர்களுக்கு அது தங்கள் வகுப்பறைச் செய்தியாகப் படும்.

என் பெரிய பிழை குர்ஆனின் 42:40இல் நேர்ந்தது. தீமைக்குக் கூலி அதைப் போன்ற தீமையே என்று அது தொடங்குவதால், கூட்டத்துக்கு ஒவ்வாது என்று எண்ணி அந்தப் பகுதியை விட்டுவிட்டு, மன்னித்துச் சமாதானம் செய்பவருக்குரிய கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது என்னும் பின்பகுதியை மட்டும் எழுதியிருந்தேன். வரைவைப் பார்த்த இஸ்லாமிய ஆசிரியை, "முன்பாதியை எடுத்துவிட்டால், உரிமை இருந்தும் விட்டுக்கொடுக்கிறார் என்பதே போய்விடுமே, சார்" என்றார். அடுத்த வசனமும், அநீதிக்கு ஆளாகித் தன்னைக் காத்துக்கொள்பவர்மேல் குற்றமில்லை என்றே சொல்கிறது. வசனத்தை முழுமையாகத் திரும்பச் சேர்த்தேன்.

எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று இயேசு சொல்லும் மத்தேயு 18:22இல் சிக்கல் வேறு. பழைய தமிழ் வேதாகமத்தில் "ஏழெழுபதுதரம்" என்றிருக்க, வேறு சில மொழிபெயர்ப்புகளில் எழுபத்தேழு முறை என்றிருக்கிறது. கிரேக்கச் சொற்றொடர் இரண்டுக்கும் இடம் தருகிறது. ஆதியாகமம் 4:24இல் லாமேக்கு என்பவன் எழுபத்தேழு மடங்கு பழிவாங்குவதைப் பேசும் இடத்தில், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இதே சொற்றொடர்தான் வருகிறது என்று அறிந்தபோது, பழியின் கணக்கு மன்னிப்பின் கணக்காக மாறியிருப்பதைக் கண்டு நெகிழ்ந்தேன். வாசிக்கும் மாணவியின் வீட்டிலுள்ள வேதாகமத்தில் இருப்பதையே வைத்துக்கொண்டோம்.

எல்லா உயிர்களையும் மன்னிக்கிறேன், எல்லா உயிர்களும் என்னை மன்னிக்கட்டும் என்னும் சமணரின் வசனத்தைக் கடைசியில் வைத்தேன். அதை அனைவரும் சேர்ந்து சொல்லலாம் என்றொரு யோசனை வந்தது. ஆனால் சேர்ந்து சொன்னால் வாசிப்பு வழிபாடாகிவிடும். முந்தைய நாள் அடிவாங்கிய பிள்ளையும் வாய்திறந்து மன்னித்தாக வேண்டியிருக்கும். ஆகவே அதை ஒரே மாணவன் வாசித்தான், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.