எலுமிச்சை சாதம் 45 நொடியில்: தாளிப்புக்கு மட்டும் தனி ஷாட் லிஸ்ட்

எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது ஒரு ஷாட்கூடக் குறையவில்லை! இந்த முறை ஸ்கிரிப்ட் எழுதும்போதே பக்கத்துக் கட்டத்தில் ஷாட்டையும், பேச்சுக்கு மேல் ஓடவிடும் துணைக் காட்சியான பி-ரோலையும் எழுதிவிட்டேன். கையில் இருப்பது ஒரே ஃபோன் என்பதால் இது இல்லாமல் முடியாது.

தலைவலி தாளிப்புதான். “கடுகு வெடித்ததும் கடலைப் பருப்பு, வேர்க்கடலை; சிவந்ததும் கறிவேப்பிலை” என்று பேச ஐந்து நொடி போதும். அடுப்பில் அது சில நிமிட வேலை. அதில் பெரும்பகுதி பருப்பு சிவக்கும் நேரம், அதை வெட்டிவிடலாம். கடுகு வெடிப்பதும் இலை பொரிவதும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், ரீடேக் கிடையாது. அதனால் லிஸ்டில் இந்த இரண்டுக்கும் நட்சத்திரக் குறி போட்டேன். குறி இருந்தால் ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் முன்பே லாக் செய்து, கடுகைப் போடுவதற்கு முன்பே ரெக்கார்ட் அழுத்திவிட வேண்டும்.

மேலிருந்து எடுத்தால் லென்ஸில் எண்ணெய் தெறிக்கும். ஆகவே வாணலித் தாளிப்பு முழுவதும் பக்கவாட்டில், தள்ளி நின்று ஜூமில். குளோசப்புக்காகத் தாளிப்புக் கரண்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் கடுகு, ஒரு ஆர்க்கு கறிவேப்பிலை வைத்துத் தனியாக எடுத்தேன். விளிம்பு தெரிந்தால் வேறு பாத்திரம் என்று காட்டிக்கொடுத்துவிடும், ஃபிரேம் இறுக்கமாக இருக்க வேண்டும். மஞ்சள்தூளும் கூடாது; வாணலியில் அது அப்புறம்தான் வருகிறது. அந்தத் தாளிப்பு வீணாகவில்லை, ராத்திரி மோர்க்குழம்பில் போய்ச் சேர்ந்தது.

பி-ரோலை “கடுகு குளோசப்” என்று மொட்டையாக எழுதுவதை விட்டுவிட்டேன். வசனத்துக்குள்ளேயே, படம் மாற வேண்டிய இடத்தில் கோடு போடுகிறேன்: “அடுப்பை அணைத்த பிறகு / எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள்.” நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். ‘பிழியுங்கள்’ வரை காத்திருந்து படத்தை மாற்றினால் சாறு விழுவதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. பொருளின் பெயருக்கு முன்னால் கோடு போட்டால் வினையோடு சேர்ந்து சாறு விழுகிறது.

படம் எடுக்கும் வரிசை சமையல் வரிசைதான், ஸ்கிரிப்ட் வரிசை இல்லை. வீடியோவின் முதல் ஷாட்டான தட்டுச் சாதத்தைக் கடைசியில்தான் எடுக்கிறோம். கிளறிய கையோடு எடுத்துவிட வேண்டும், ஆறிவிட்டால் பளபளப்பு போய்விடும்.

எல்இடி விளக்கு ஒன்றும் வாங்கினேன். கடைக்காரர் ஃபிளிக்கர் வராது என்றார், வந்தது. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்ததும் பட்டை ஓடுவது நின்றது.

குரல் இன்னும் பதிவு செய்யவில்லை. அதற்குள் மிளகு ரசத்துக்குக் கட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். நுரை கட்டி வரும் ஷாட்டுக்கு இப்போதே நட்சத்திரம் போட்டாயிற்று. நுரைக்கும் மாற்று ஏற்பாடு யோசிக்க வேண்டும், கரண்டி ரசம் வைக்க முடியாதே.