தண்ணி மோட்டர் விபரத்தாளும் முதல்தடவை வாங்குபவரும்: செயன்முறைத் தேர்வுக்கு ஒரு தயாரிப்பு

திருகோணமலையில் விற்பனைப் பயிற்சி படித்து முடித்து, செயன்முறைத் தேர்வுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு நடந்த முறை இதுதான். ஒரு பொருளின் விபரத்தாளைத் தந்து கொஞ்ச நேரம் வாசிக்க விட்டார்கள். பிறகு பரீட்சகரே வாடிக்கையாளராக வந்தார், அந்தப் பொருளை இதற்கு முன் வாங்கியே இராதவராக.

எனக்கு வந்தது அரைக் குதிரைவலு தண்ணி மோட்டர். தாளில் 370 வோட்ஸ், அதிகபட்ச உயரம் 35 மீற்றர், அதிகபட்ச ஓட்டம் நிமிடத்துக்கு 35 லீற்றர், உறிஞ்சும் ஆழம் 8 மீற்றர் என்று இருந்தது. பரீட்சகர் நிலாவெளியில் புதுவீடு கட்டிய அக்காவாக வந்து, “தம்பி, உந்த நம்பரெல்லாம் எனக்கு விளங்காது. தண்ணி ரேங்குக்கு ஏறுமா, அதைச் சொல்லுங்கோ” என்றார்.

அந்த இடத்தில் தாளை வாசிக்கத் தொடங்கினால் புள்ளி போய்விடும். முதலில் கேட்க வேண்டியது மூன்று விஷயம்: கோடையில் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு கீழே போகும், ரேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அது எத்தனை லீற்றர். அக்கா சொன்ன பதில்: தண்ணீர் 5 மீற்றர் கீழே, ரேங்க் 6 மீற்றர் மேலே, 1000 லீற்றர்.

இனிக் கணக்கு. 5உம் 6உம் 11. குழாயிலும் வளைவுகளிலும் தேயும் விசைக்கு இன்னும் 2 சேர்த்தால் 13 மீற்றர். தாளில் உள்ள இரண்டு ‘அதிகபட்ச’மும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை என்பதைக் கட்டாயம் புரிந்துகொள்ளுங்கள். 35 லீற்றர் வருவது தண்ணீரை உயர்த்தத் தேவையே இல்லாதபோது. 35 மீற்றர் உயரத்தில் ஒரு சொட்டும் வராது. இந்த வகைச் சிறு மோட்டரில் உயரம் கூடக் கூட ஓட்டம் ஏறக்குறைய சீராகக் குறையும். ஆகவே 13 மீற்றருக்கு நிமிடத்துக்கு 22 லீற்றர் அளவில்தான் எதிர்பார்க்கலாம். தாளோடு ஓட்ட வரைபடம் இருந்தால் அதில் பார்ப்பது இன்னும் சரி.

அக்காவுக்குச் சொல்லும் வசனம் இப்படி வரும்: “வெறும் ரேங்க் நிரம்ப முக்கால் மணித்தியாலம் போகும் அக்கா. காலமை சமையலுக்கு முன்னம் போட்டு விட்டால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வெளிக்கிட முன்னம் நிரம்பிடும்.” 35ஐ நம்பிச் சொல்லியிருந்தால் அரை மணித்தியாலம் என்று வந்திருக்கும். அதை நம்பி வாங்கியவர் மோட்டர் பழுது என்று திரும்பி வருவார். மின்சாரத்திலும் கவனம் தேவை. 370 வோட்ஸ் என்பது மோட்டர் சுழலும் வலு. இழுக்கும் மின்சாரம் அதைவிடக் கூட, சுமார் 500 வோட்ஸ். அதனால் “ஒரு தரம் நிரப்ப அரை யூனிட்டுக்குள் வரும்” என்று சொல்லலாம்.

உறிஞ்சும் ஆழத்தைச் சொல்லும்போது எல்லையையும் சேர்த்தே சொல்லுங்கள். 8 மீற்றர் என்று போட்டிருந்தாலும், குழாயின் அடிநுனியில் பூட்டும் புட் வால்விலோ குழாய் மூட்டிலோ சிறிது காற்றுப் புகுந்தாலே அது குறையும். அக்காவின் கிணறு 5 மீற்றர் என்பதால் ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் வழமையைவிட இறங்கினாலும் கொஞ்சம் இடமிருக்கிறது. கிணற்றடி மணல் என்றால் புட் வால்வை அடியில் முட்டவிடாமல் தூக்கிக் கட்டச் சொல்ல வேண்டும். இந்த மோட்டரின் உள்ளே இடைவெளி மிகக் குறைவு, மணல் போனால் தேய்ந்து ஓட்டம் குறையும்.

நீங்கள் தயாரித்த வசனம் சரியா என்று பார்க்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். அதே வசனத்தை மின்விசிறிக்கும் சொல்ல முடியுமா என்று பார்ப்பேன். “நீண்டகாலம் உழைக்கும்”, “தரமான பொருள்” எல்லாம் மின்விசிறிக்கும் பொருந்தும், ஆகவே அவற்றை வெட்டிவிடுவேன். “உங்கட ரேங்க் முக்கால் மணித்தியாலத்தில் நிரம்பும்” அந்த அக்காவின் வீட்டுக்கு மட்டுமே பொருந்தும்.

கடைசியில் பரீட்சகர் கேட்டார்: “ஒரு குதிரைவலு வாங்கினால் இன்னும் கெதியா நிரம்பாதோ?” கெதியாக நிரம்பும் என்பது உண்மை, அதை மறுக்கக்கூடாது. ஆனால் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. வேகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு மேலேறும். தாளில் குறைவாகத் தெரியும் ஓட்டம் அங்கே நன்மை. “மெதுவா இறைச்சால் உங்கட கிணறு உப்பாகிற பயம் குறைவு அக்கா. கொஞ்ச நேரம் கூடப் போனாலும் இந்தச் சின்னதே உங்களுக்குக் காணும்” என்றேன். இதே அக்கா கடற்கரையை விட்டுத் தள்ளி, இரண்டு மாடி வீட்டுக்கு வாங்க வந்திருந்தால் கணக்கு வேறு, பெரியதைத்தான் காட்டியிருப்பேன்.