"ஒரு கட்டம்தானே சார்?"

எல்லாத் துறை வேலைகளையும் ஒரே மென்பொருளுக்குக் கொண்டுவரும் எங்கள் ஈஆர்பி திட்டத்தில் பயனர் சோதனை தொடங்கியதும் குறைப் பட்டியல் மளமளவென்று நீண்டது. மாற்றக் கோரிக்கைகளைக் கவனிப்பது என் பொறுப்பு. திறந்து பார்த்தால் பலவும் குறைகளே அல்ல. டிசைன் ஆவணத்தில் கையெழுத்தான பிறகு முளைத்த புதுத் தேவைகள். குறை என்றால் வெண்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும், மாற்றம் என்றால் காசு கேட்பார். அப்புறம் யார்தான் மாற்றம் என்று பதிவார்கள்? நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: ஆவணத்தில் எந்தப் பத்தியில் இது இருக்கிறது? காட்ட முடியாவிட்டால் அது மாற்றம்.

கொள்முதல் துறையின் கோரிக்கை அப்படித்தான் மாட்டியது. இரும்புத் தகடுகளை எண்ணிக்கையில் ஆர்டர் செய்கிறார்கள். சப்ளையர் எடைக்கு பில் போடுகிறார். சரக்கு வரவுத் திரையில் எடைக்கு ஒரு கட்டம் வேண்டுமாம். "ஒரு கட்டம்தானே சார்?" கட்டம் போட இரண்டு நாள் போதும். ஆனால் ஒரே அளவுத் தகடும் லாட்டுக்கு லாட் எடை மாறும். நிலையான மாற்று விகிதம் செல்லாது. ஆர்டர், வரவு, பில் மூன்றையும் ஒப்பிடும் இடத்தைத் திருத்த வேண்டும். பழைய சிஸ்டத்தின் நிலுவை ஆர்டர்களைப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். முடிந்த சோதனைகளையும் மறுபடி ஓட்ட வேண்டும். மதிப்பீடு 18 ஆள்-நாளைத் தொட்டது.

5 ஆள்-நாளைத் தாண்டினால் ஸ்டீயரிங் கமிட்டிதான் முடிவு செய்யும் என்பது விதி. (இதற்கும் குறுக்குவழி கண்டுபிடித்தார்கள்: ஒரே கோரிக்கையை மூன்றாகப் பிரித்து அனுப்புவது! அதனால் துறைவாரியாகக் கூட்டுத்தொகையும் வைத்தோம்.)

செய்யலாமா வேண்டாமா என்று மட்டும் கேட்டால் கூட்டம் வாதத்திலேயே கரையும். ஆகவே ஒரே பக்கத்தில் இரண்டு வழிகளை வைத்தேன். இப்போதே செய்வது ஒன்று: பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்கு மாறும் எங்கள் கட்-ஓவர் மாதக் கடைசியில் மட்டுமே நடக்கும் என்பதால், ஒரு வாரத் தாமதமும் ஒரு மாதத் தள்ளிவைப்புதான். மற்றது, தகடுகளைக் கிலோவிலேயே ஆர்டர் செய்து, எண்ணிக்கையைக் குறிப்பில் எழுதுவது. இதிலும் நஷ்டம் உண்டு. எத்தனை தகடு இருக்கிறது என்பது சிஸ்டத்துக்குத் தெரியாது, ஸ்டோர்காரர் தனி எக்ஸெல் வைத்துக்கொள்ள வேண்டும். அதையும் மறைக்காமல் எழுதினேன்.

நிதி இயக்குநர் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "செலவு எந்தத் துறைக் கணக்கில்?" கொள்முதல் தலைவர் சற்று யோசித்து, "கிலோவிலேயே போகலாம்" என்றார்.

அன்றிலிருந்து, துறைத்தலைவர் கையெழுத்தும் செலவுக் கணக்கு எண்ணும் இல்லாமல் எந்தக் கோரிக்கைக்கும் மதிப்பீடுகூடச் செய்யவில்லை. மதிப்பீடே கன்சல்டன்ட்டின் நேரத்தைத் தின்னும் வேலையல்லவா! நடைபாதையில் பேசிச் செய்துகொள்ளும் மாற்றங்களையும் அடைக்க வேண்டியிருந்தது: கோரிக்கை எண் இல்லாத எதையும் நிஜ வேலை நடக்கும் சிஸ்டமான புரொடக்‌ஷனுக்கு நகர்த்தக் கூடாது என்றோம்.

புது சிஸ்டம் பயன்பாட்டுக்கு வந்த கோ-லைவுக்குப் பிறகு, இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவைத்த கோரிக்கைகளின் பட்டியலைத் திறந்தபோது பல கோரிக்கைகளுக்கு உரிமை கொண்டாட ஆளே இல்லை. எடைக் கட்டத்தை மட்டும் ஸ்டோர்காரர் விடாமல் கேட்டார். அதைத்தான் முதலில் செய்தோம்.